பவர் பிஐ அனுமதி கேட்டு ஐ.ரி. பிரிவுக்குக் கோரிக்கை எழுதுவது எப்படி: பணித்தேவையும் முகாமையாளர் ஒப்புதலும்

கொழும்பில் தலைமை அலுவலகமும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய இடங்களில் கிளைகளும் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில், கிளை உத்தியோகத்தர் ஒருவர், தரவை அறிக்கைகளாகவும் வரைபுகளாகவும் காட்டும் மைக்ரோசொஃப்ட் மென்பொருளான பவர் பிஐயைக் கேட்டு “எனக்குப் பவர் பிஐ அனுமதி தேவை, ஏற்பாடு செய்து தரவும்” என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பினால், அது எதற்காக, எந்தத் தரவு, யாருடைய ஒப்புதல் என்ற கேள்விகளுடன் திரும்பி வரும். அதைத் தாமதிக்கும் தந்திரம் என்று கிளையில் உள்ளவர்கள் எண்ணுவதுண்டு. உண்மையில் ஐ.ரி. பிரிவில் இருப்பவருக்கு உங்கள் வேலை தெரியாது, ஒப்புதல் தரும் முகாமையாளருக்கு மென்பொருளின் உள்விவரம் தெரியாது. இருவரும் உங்களிடம் எதையும் திருப்பிக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடியதாக எழுதப்படுவதே நல்ல கோரிக்கை.

இந்த வழிகாட்டி ஒரேயொரு கற்பனை எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்கிறது. கிளிநொச்சிக் கிளைக்குப் புதிதாக நியமிக்கப்பட்ட கண்காணிப்பு உத்தியோகத்தர் ஒருவர், காலபோகத்துக்கு வழங்கப்பட்ட விதைநெற் கடன்கள் அறுவடைக்குப் பின் எந்த அளவுக்குத் திரும்பி வந்துள்ளன என்று மாதந்தோறும் அறிக்கையிட வேண்டும். மூன்று மாவட்டங்களின் கடன் விவரங்களையும் கொண்ட பவர் பிஐ அறிக்கை ஒன்றைத் தலைமை அலுவலகம் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. அதில் கடன் பெற்றவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், நிலுவைத் தொகை ஆகியன உள்ளன.

முதற்படி: கேட்கப்படுவது என்னவென்று பிரித்தறிதல்

“பவர் பிஐ அனுமதி” என்ற சொற்றொடருக்குள் வெவ்வேறு மூன்று பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் எழுதுவதாலேயே பெரும்பாலான கோரிக்கைகள் இழுபடுகின்றன.

முதலாவது, கணினியில் நிறுவும் பவர் பிஐ டெஸ்க்டொப். இது இலவசம், ஆனால் புதிய அறிக்கைகளை வடிவமைப்பவருக்கே இது தேவைப்படும். நிறுவன மடிக்கணினிகளில் மென்பொருளை நிறுவும் உரிமை வழக்கமாக ஐ.ரி. பிரிவிடமே இருப்பதால், இலவசமாயினும் அதற்கும் கோரிக்கை வேண்டும். இரண்டாவது, Pro என்ற கட்டண உரிமம். தலைமை அலுவலகம் பகிர்ந்திருக்கும் அறிக்கையை உலாவியில் திறந்து பார்ப்பதற்குக்கூட, நிறுவனம் பெரிய அளவிலான தனிக் கொள்ளளவை வாங்கியிருந்தாலன்றி, பார்ப்பவருக்கும் இந்த உரிமம் இருக்க வேண்டும். மூன்றாவது, அந்த அறிக்கை வைக்கப்பட்டுள்ள, திரையில் Workspace என்று காணப்படும் பணித்தளத்தில் உங்களுக்குத் தரப்படும் பங்கு, அதாவது அங்கே நீங்கள் எதையெல்லாம் செய்யலாம் என்ற உரிமைநிலை. உரிமம் கிடைத்தும் பங்கு கிடைக்காவிட்டால் அறிக்கை உங்கள் கண்ணிற்படாது. பங்கு கிடைத்தும் உரிமம் கிடைக்காவிட்டால் அது திறக்காது.

நமது உத்தியோகத்தர் அறிக்கையைப் பார்த்து எண்களை எடுத்தால் போதும், புதிதாக எதையும் வடிவமைக்கப் போவதில்லை. ஆகவே அவருக்கு டெஸ்க்டொப் தேவையில்லை. இதைக் கோரிக்கையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் தேவையில்லாததைத் தேவையில்லை என்று எழுதியவரின் மற்றைய கோரிக்கைகளை ஐ.ரி. பிரிவு நம்பிக்கையுடன் வாசிக்கிறது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. உரிமம் இல்லாமல் அறிக்கையைத் திறக்க முயன்றால், இலவசச் சோதனைக் காலத்தைத் தொடங்கும்படி திரை அழைக்கும். அதை அழுத்தினால் அறிக்கை உடனே திறந்துவிடும் என்பதால், கோரிக்கை எழுதும் தொல்லை தீர்ந்ததென்று தோன்றும். அந்தச் சோதனைக் காலம் 60 நாட்கள். அறுவடை தொடங்கும்போது அழுத்தியவருக்கு, கடன் மீளளிப்பு மும்முரமாகும் வேளையில் அறிக்கை மூடிக்கொள்ளும், அதற்கான செலவு எந்தப் பாதீட்டிலும் இருக்காது.

இரண்டாம் படி: பணித்தேவையை எழுதுதல்

பதவிப் பெயர் பணித்தேவை ஆகாது. “கண்காணிப்பு உத்தியோகத்தராக இருப்பதால் எனக்கு இது தேவை” என்பது வாசிப்பவருக்கு எதையும் சொல்லவில்லை. “பணியின் வினைத்திறனை மேம்படுத்துவதற்காக” என்பதோ அதைவிடவும் வெறுமையானது, எந்த மென்பொருளுக்கும் அதை எழுதிவிடலாம். பணித்தேவை என்பது நீங்கள் செய்யும் குறித்த ஒரு வேலை, அதை எதிர்பார்த்திருப்பவர், அதன் காலக்கெடு, அனுமதி இல்லாதபோது இப்போது அது எவ்வாறு நடக்கிறது ஆகிய நான்கையும் தொடுத்துச் சொல்லும் சில வாக்கியங்களாகும்.

இவற்றில் கடைசியானதையே பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் முடிவெடுப்பவரை அசைப்பது அதுதான். நமது எடுத்துக்காட்டில் இப்போது நடப்பது இது: ஒவ்வொரு மாத முடிவிலும் தலைமை அலுவலகத்தில் ஒருவர் மூன்று மாவட்டங்களின் முழுப் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்கி மின்னஞ்சலில் கிளைக்கு அனுப்புகிறார், கிளையில் இருப்பவர் அதிலிருந்து கிளிநொச்சிக்குரிய வரிகளைப் பிரித்தெடுக்கிறார். இதில் நேரம் வீணாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள கடனாளிகளின் அடையாள அட்டை இலக்கங்களும் நிலுவைகளும் தேவையே இல்லாத ஒருவரின் அஞ்சற்பெட்டியில் மாதந்தோறும் சேர்ந்துகொண்டிருப்பது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தரவைக் குறித்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டுப்படுத்த வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டிருக்கிறது. ஆகவே அனுமதி தருவது தரவைக் கூடுதலாகத் திறப்பதன்று, இப்போது சிதறிக் கிடப்பதைக் குறைப்பது என்று காட்ட முடிந்தால், அந்தப் பணித்தேவை ஐ.ரி. பிரிவின் சொந்தக் கவலைக்கும் விடை சொல்லிவிடுகிறது.

மூன்றாம் படி: போதுமான மிகக் குறைந்த பங்கைத் தெரிதல்

புதிதாக வந்தவர்கள் எழுதும் கோரிக்கைகளில் மிகவும் வழக்கமான வாக்கியம், “முன்பு இந்தப் பதவியில் இருந்தவருக்கு இருந்த அனுமதிகள் அனைத்தையும் எனக்கும் தரவும்” என்பது. இது எளிது, ஆனால் கெட்ட பழக்கம். முன்பிருந்தவர் அறிக்கையை உருவாக்கிய காலத்தில் உதவியிருக்கலாம், வேறொரு திட்டத்தையும் பார்த்திருக்கலாம். அவருக்குச் சேர்ந்துபோனவை எல்லாம் உங்களுக்கும் வந்து சேரும். அவர் தமது கடவுச்சொல்லை மேசை லாச்சியில் எழுதி வைத்துவிட்டுப் போவது இதைவிடவும் மோசமானது, ஏனெனில் பின்னர் பதிவேட்டில் எவர் எதைச் செய்தார் என்று பிரித்தறிய வழியே இராது.

பவர் பிஐ பணித்தளத்தில் Admin, Member, Contributor, Viewer என நான்கு பங்குகள் உள்ளன. பார்ப்பதற்கு Viewer போதும். Contributor கேட்டால் பிற்காலத்துக்கும் உதவுமே என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் பெரும்பாலோர் அறியாத ஒன்று இருக்கிறது. கிளிநொச்சியில் உள்ளவர் கிளிநொச்சி வரிகளை மட்டுமே காணும்படி அறிக்கையை வடிவமைத்தவர் வரம்பு போட்டிருக்கலாம். திரையில் Row-level security என்று காணப்படும் அந்த வரம்பு Viewer பங்கில் உள்ளவரை மட்டுமே கட்டுப்படுத்தும். மற்றைய மூன்று பங்குகளில் எதைப் பெற்றாலும் வரம்பு செயற்படாது, மூன்று மாவட்டங்களும் திறந்து கிடக்கும். ஆக, “சற்றுக் கூடுதலாக இருக்கட்டும்” என்று கேட்ட Contributor பங்கு, பணித்தேவையில் நீங்களே எழுதிய காரணத்தைத் தகர்த்துவிடும்.

இன்னொன்றையும் இந்தப் படியிலேயே கவனிக்க வேண்டும். Viewer பங்கைத் தருவதும், மாவட்ட வரம்பில் உங்கள் பெயரைச் சேர்ப்பதும் இரு வேறிடங்களில் செய்யப்படும் வேலைகள். முன்னதைப் பணித்தளத்தை நிருவகிப்பவர் செய்வார், பின்னதை அறிக்கைக்குப் பொறுப்பானவர் செய்வார். இரண்டையும் கோரிக்கையில் தனித்தனியே கேளுங்கள்.

நான்காம் படி: முகாமையாளரின் ஒப்புதல்

முகாமையாளரின் முகவரியை மின்னஞ்சலின் பிரதி வரிசையில் சேர்த்துவிட்டால் ஒப்புதல் பெற்றதாகிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். பிரதி பெற்றவர் அதை வாசித்தார் என்பதற்குக்கூட அது சான்றாகாது. “தொலைபேசியில் சரி என்று சொன்னார்” என்பதும் அப்படியே. ஒப்புதல் அவருடைய சொந்த முகவரியிலிருந்து எழுத்தில் வர வேண்டும், எதற்கு ஒப்புதல் தரப்படுகிறது என்று அந்த எழுத்திலேயே இருக்க வேண்டும்.

ஒழுங்கும் முக்கியம். முதலில் கோரிக்கையை முழுமையாக எழுதி முகாமையாளருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். அவர் ஒப்புதலை அதே மடலுக்குப் பதிலாக எழுதிய பின்னர், எதையும் மாற்றாமல் அந்தத் தொடரை அப்படியே ஐ.ரி. பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ஒப்புதல் வந்த பிறகு Viewer என்பதை Contributor என்றோ ஆறு மாதத்தை ஒரு வருடம் என்றோ திருத்தினால், அந்த ஒப்புதல் செல்லாது. திருத்தம் தேவையென்றால் மீண்டும் அவரிடமே போக வேண்டும்.

அவர் மூன்று விடயங்களுக்குத் தனித்தனியே தலையசைக்கிறார்: இந்த வேலை உண்மையில் இவருடையது, செலவை இந்தத் திட்டத்தின் பாதீடு தாங்கும், இந்தத் திகதியில் அனுமதி முடியும். செலவைப் பொறுத்தவரை, Pro உரிமத்தின் பட்டியல் விலை 2025 ஏப்பிரலில் 10 டொலரிலிருந்து 14 டொலராக உயர்ந்தது. அது ஒருவருக்கு ஒரு மாதத்துக்கான விலை. ஆறு மாதங்களுக்கு 84 டொலர் என்று கணக்கிட்டு எழுதலாம், ஆயினும் தொண்டு நிறுவனங்களுக்கு மைக்ரோசொஃப்ட் சலுகை விலை தருவதாலும், சில உரிமங்கள் வருடக் கணக்கில் வாங்கப்படுவதாலும், சரியான தொகையை ஐ.ரி. பிரிவிடம் கேட்டு எழுதுவதே நல்லது. நிறுவனத்திடம் ஏற்கெனவே பயன்படாத உரிமம் ஒன்று இருக்கவும் கூடும், முன்பிருந்தவரின் உரிமம் இன்னும் விடுவிக்கப்படாமல் கிடப்பது அரிதன்று.

முகாமையாளர் விடுமுறையில் இருந்தால், பதிற்கடமையில் இருப்பவர் அந்த நியமனத்தைக் குறிப்பிட்டு ஒப்புதல் தரலாம். கிளை முகாமையாளர் தமக்கே அனுமதி கேட்டால், அவருக்கு மேலுள்ளவரே ஒப்புதல் தர வேண்டும்.

முகாமையாளரின் ஒப்புதலுக்கு ஓர் எல்லையுமுண்டு. அவர் உங்கள் வேலைக்குப் பொறுப்பானவர், தரவுக்குப் பொறுப்பானவர் வேறொருவராக இருக்கலாம். நமது எடுத்துக்காட்டில் கடன் தரவுக்குப் பொறுப்பு தலைமை அலுவலகத்தின் வாழ்வாதாரத் திட்ட முகாமையாளரிடம் இருக்கிறது. அவருடைய சம்மதமும் வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேண்டுமெனில் அதையும் முன்கூட்டியே பெற்று இணைத்தால், கோரிக்கை நடுவழியில் நிற்காது.

ஐந்தாம் படி: கோரிக்கையை எழுதுதல்

தலைமை அலுவலகத்தின் ஐ.ரி. பிரிவில் தமிழ் வாசிப்பவர் இல்லையெனில் மடல் ஆங்கிலத்தில் போகும். அப்போதும் கீழுள்ள ஒழுங்கு மாறாது. தலைப்பு வரியிலேயே மென்பொருள், பங்கு, கிளை ஆகிய மூன்றும் இருக்கட்டும். மாதிரியில் உள்ள எண்களும் திகதிகளும் எடுத்துக்காட்டுக்கானவை.

> தலைப்பு: பவர் பிஐ Pro உரிமமும் Viewer பங்கும் – கண்காணிப்பு உத்தியோகத்தர், கிளிநொச்சிக் கிளை
>
> ஐ.ரி. பிரிவின் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,
>
> வணக்கம். விதைநெற் கடன் மீளளிப்பு அறிக்கையைப் பார்ப்பதற்குப் பின்வரும் மூன்றையும் ஏற்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்: எனது அலுவலகக் கணக்குக்குப் பவர் பிஐ Pro உரிமம் ஒன்று, அறிக்கை உள்ள வாழ்வாதாரத் திட்டப் பணித்தளத்தில் Viewer பங்கு, அறிக்கையின் மாவட்ட வரம்பில் கிளிநொச்சிப் பிரிவில் எனது பெயர். பவர் பிஐ டெஸ்க்டொப் எனக்குத் தேவையில்லை.
>
> பணித்தேவை: கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி ஆகிய நான்கு பிரதேச செயலர் பிரிவுகளிலும் வழங்கப்பட்ட 412 காலபோக விதைநெற் கடன்களின் மீளளிப்பு நிலையை, ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குள் திட்ட முகாமையாளருக்கு நான் அறிக்கையிட வேண்டும். இப்போது மூன்று மாவட்டங்களின் முழுப் பட்டியலும் மின்னஞ்சலில் எனக்கு அனுப்பப்படுகிறது. அதில் பிற மாவட்டப் பயனாளிகளின் அடையாள அட்டை இலக்கங்களும் அடங்கியுள்ளன. கேட்ட அனுமதி கிடைத்தால் அவ்வாறு அனுப்புவதை நிறுத்திவிடலாம்.
>
> காலம்: 2026 பெப்ரவரி 15 முதல் 2026 ஓகஸ்ட் 14 வரை. முதலாவது அறிக்கை மார்ச் 5இல் தேவைப்படுகிறது.
>
> செலவு: வாழ்வாதாரத் திட்டப் பாதீடு, மென்பொருள் வரி. முகாமையாளரின் ஒப்புதலும் தரவுக்குப் பொறுப்பான திட்ட முகாமையாளரின் சம்மதமும் கீழே உள்ளன.
>
> திங்களும் வெள்ளியும் அலுவலகத்தில் இருப்பேன். மற்றைய நாட்களில் களத்தில் இருப்பதால், கணினியைத் தொலைவிலிருந்து பார்க்க வேண்டுமெனில் அவ்விரு நாட்களில் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு வேண்டுகிறேன்.
>
> நன்றி.
> பெயர், பதவி, கிளை, உள்ளகத் தொலைபேசி இலக்கம்

கடைசிப் பந்தியை வன்னியில் வேலை செய்பவர்கள் விட்டுவிடக் கூடாது. பூநகரிப் பக்கக் கிராமமொன்றில் நிற்கும்போது கொழும்பிலிருந்து அழைப்பு வந்து, அலுவலக மடிக்கணினி கையில் இல்லாமலோ தொடர்பு அறுந்தோ பேச முடியாமற்போனால், “பயனாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை” என்ற குறிப்புடன் கோரிக்கை மூடப்பட்டுவிடலாம்.

முகாமையாளரின் பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு எழுத நேரமில்லையெனில் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுக்கலாம், அதில் தவறேதுமில்லை, அனுப்புவது மட்டும் அவராக இருக்க வேண்டும்.

> மேலே கேட்கப்பட்டுள்ள Pro உரிமம், Viewer பங்கு, கிளிநொச்சி மாவட்ட வரம்பு ஆகியவற்றை 2026 ஓகஸ்ட் 14 வரை வழங்க ஒப்புதல் அளிக்கிறேன். இந்த அறிக்கையிடல் அவருடைய கடமைகளில் ஒன்று. செலவை வாழ்வாதாரத் திட்டப் பாதீட்டில் இடலாம்.

வெறும் “சரி” என்ற பதில் வந்தால், மரியாதையுடன் மீண்டும் கேட்டு இந்த வாசகத்தைப் பெறுங்கள். கணக்காய்வு நடக்கும் நாளில் “சரி” என்பது எதற்கான சரி என்று விளக்க அவர் அதே கதிரையில் இருக்கமாட்டார்.

ஆறாம் படி: கிடைத்த அனுமதியைச் சோதித்தல்

“வழங்கப்பட்டுவிட்டது” என்ற பதில் வந்ததும் நன்றி சொல்லி முடித்துவிடாமல், கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழைந்து அன்றே சோதியுங்கள். app.powerbi.com பக்கத்தில் வலது மேல்மூலையிலுள்ள உங்கள் படத்தை அழுத்தினால் உரிமத்தின் வகை தெரியும்.

எது குறைகிறது என்பதைத் திரையே சொல்லும். உரிமத்தை மேம்படுத்தும்படியோ சோதனைக் காலத்தைத் தொடங்கும்படியோ கேட்டால் Pro இன்னும் உங்கள் கணக்குக்குச் சேரவில்லை. உரிமம் இருந்தும் பணித்தளமே பட்டியலில் இல்லையெனில் பங்கு தரப்படவில்லை. அறிக்கை திறந்து, வரைபுகள் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் பிழைச்செய்தி வந்தால், Viewer பங்கு கிடைத்துவிட்டது, மாவட்ட வரம்பில் உங்கள் பெயரைச் சேர்க்கவில்லை. இந்த மூன்றாவதை ஐ.ரி. பிரிவே தவறாக விளங்கிக்கொண்டு மடிக்கணினியைச் சோதிக்கத் தொடங்குவதுண்டு, அறிக்கைக்குப் பொறுப்பானவரிடம் கேட்கும்படி நீங்களே சுட்டிக்காட்டலாம். எந்த நிலையிலும், திரையின் படத்தையும் நேரத்தையும் அதே கோரிக்கை எண்ணின் கீழ் அனுப்புங்கள். புதிய கோரிக்கை தொடங்கினால் ஒப்புதல் பழையதில் தங்கிவிடும்.

எல்லாம் திறந்துவிட்டால் மொத்தக் கடன்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். கிளையின் பதிவேட்டில் 412 இருக்கும்போது திரையிலும் 412 வந்தால் சரி. அதைவிட மிகக் கூடுதலாக வந்தாலோ, மாவட்டப் பட்டியலில் முல்லைத்தீவும் தெரிந்தாலோ, உங்களுக்கு Viewer அல்லாத பங்கு தரப்பட்டிருக்கக் கூடும், அல்லது வரம்பே போடப்படாமல் இருக்கலாம். கேட்டதைவிடக் கூடுதலாகக் கிடைத்ததையும் குறை போலவே உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும், பின்னர் தரவு வெளியே போனதாக விசாரணை வந்தால் அந்த மடல் உங்களுக்குக் காப்பு. அதோடு, இதுவரை மின்னஞ்சலில் வந்த முழுப் பட்டியல்களை அழிப்பதா, காப்பகத்தில் வைப்பதா என்று தரவுக்குப் பொறுப்பானவரிடம் கேட்டு, இனி அனுப்ப வேண்டாம் என்றும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அனுமதியும் இருக்கும், பட்டியலும் வந்துகொண்டே இருக்கும்.

ஏழாம் படி: நீட்டித்தலும் முடித்தலும்

முடிவுத் திகதிக்கு மூன்று வாரங்கள் முன்னதாக நாட்காட்டியில் ஒரு குறிப்பு வையுங்கள். சிறுபோகக் கடன்களுக்கும் இதே அறிக்கை தொடர்ந்து தேவையென்றால், பழைய கோரிக்கை எண்ணைக் குறிப்பிட்டு, மாறியது எது, மாறாதது எது என்று இரண்டு வரியில் எழுதி, முகாமையாளரின் புதிய ஒப்புதலுடன் அனுப்பினால் போதும். முகாமையாளர் இடையில் மாறியிருந்தால் பழையவரின் ஒப்புதலை இணைத்து அனுப்புவதில் பயனில்லை, இப்போது பொறுப்பில் இருப்பவரே எழுத வேண்டும்.

வேறு கிளைக்கு மாற்றலாகிப் போகும்போது, புதிய இடத்துக்கான அனுமதியைக் கேட்கும் அதே மடலில் பழைய மாவட்ட வரம்பிலிருந்து பெயரை நீக்கும்படியும் கேளுங்கள். வேலையை விட்டுச் செல்பவர் கையளிப்புப் பட்டியலில் Pro உரிமத்தையும் ஒரு பொருளாக எழுதிவிட்டால், அடுத்து வருபவருக்கு நிறுவனம் புதிதாக ஒன்றை வாங்க வேண்டியிராது.